மடக்கை புரியவில்லையா? முதலில் பூஜ்ஜியங்களை எண்ணுங்கள்

log 1000 எவ்வளவு என்று கேட்டால் பலருக்குக் கை நடுங்கும். 1000-இல் எத்தனை பூஜ்ஜியம் என்று கேட்டால் உடனே "மூன்று" என்பார்கள். இரண்டும் ஒரே கேள்விதான். இந்தப் பதிவு முழுக்க அடிமானம் 10 மட்டுமே. மற்ற அடிமானங்கள் இது பிடிபட்ட பிறகு தானாக வரும்.

படி 1: கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்

10³ என்றால் மூன்று பத்துகளைப் பெருக்குகிறோம், 1000 வருகிறது. இதில் அடுக்கு தெரியும், விடை தெரியாது. மடக்கையில் விடை தெரியும், அடுக்கு தெரியாது: "எத்தனை பத்துகளைப் பெருக்கினால் 1000 வரும்?"

```
10^3 = 1000
log 1000 = 3
```

இரண்டு வரியும் ஒரே செய்திதான். log என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் "10-இன் அடுக்கு என்ன?" என்று மனதுக்குள் வாசியுங்கள்.

"அடுக்குக்கு எதிர்ச்செயல் மூலம்தானே, வர்க்கமூலம் போல?" என்று ஒரு சந்தேகம் வரும். நியாயமான சந்தேகம். கூட்டலில் 2 + 3, 3 + 2 இரண்டும் ஒன்று. அதனால் கழித்தல் என்ற ஒரே எதிர்ச்செயல் போதும். 10³ வேறு, 3¹⁰ வேறு. அதனால் அடுக்குக்கு எதிர்ச்செயல் இரண்டு. அடியில் இருக்கும் 10-ஐத் தேடினால் அது மூலம்; மேலே இருக்கும் 3-ஐத் தேடினால் அது மடக்கை.

படி 2: எண்ணிப் பழகுங்கள்

log 100 = 2, log 10 = 1, log 1 = 0. கடைசியில் 1-க்குப் பின் பூஜ்ஜியமே இல்லை, அதனால் 0. கீழே போனால் log 0.1 = −1, log 0.01 = −2, log 0.001 = −3. இங்கே புள்ளிக்கு முன்னால் உள்ள பூஜ்ஜியத்தையும் சேர்த்து எண்ணி, குறைக் குறி போட வேண்டும். அந்த முன் பூஜ்ஜியத்தை விட்டுவிட்டால் விடையில் ஒன்று தவறிப்போகும்.

ஒரு கட்டுப்பாடு: இந்த எண்ணிக்கை ஒரே ஒரு 1-உம் பூஜ்ஜியங்களும் மட்டுமே உள்ள எண்களுக்குத்தான். 500-இல் இரண்டு பூஜ்ஜியம் இருக்கிறது என்று log 500 = 2 போடக் கூடாது. 100-க்குத்தான் 2. 500 அதைவிடப் பெரியது.

படி 3: அரைப் பூஜ்ஜியம்

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

500 என்பது 100-க்கும் 1000-க்கும் நடுவே இருக்கிறது. ஆகவே அதன் மடக்கை 2-க்கும் 3-க்கும் நடுவே, அதாவது 2.எதுவோ. அதென்ன பின்னப் பூஜ்ஜியம்?

பெருக்கும்போது பூஜ்ஜியங்கள் கூடுகின்றன. 100 × 1000 = 100000; 2 + 3 = 5. மடக்கையின் மொத்த விதிகளும் இந்த ஒரு வரியிலிருந்துதான் வருகின்றன. இதை வைத்துப் பார்த்தால், "அரைப் பூஜ்ஜியம்" உள்ள எண்ணைத் தன்னோடே பெருக்கினால் ஒரு முழுப் பூஜ்ஜியம், அதாவது 10, வர வேண்டும். 3.162 × 3.162 ஏறக்குறைய 10. எனவே log 3.162 ஏறக்குறைய 0.5.

அப்படியானால் 2.5 பூஜ்ஜியம் உள்ள எண் 316.2. 100-க்கும் 1000-க்கும் சரிபாதி 550 ஆயிற்றே என்று அதன் மடக்கையை 2.5 என்று வைப்பதுதான் வழக்கமான தவறு. 550 கூட்டல் வழியில் நடு, 316.2 பெருக்கல் வழியில் நடு. மடக்கைக்குத் தெரிந்தது பெருக்கல் மட்டும்தான்.

படி 4: log 2-ஐக் கையாலேயே கண்டுபிடியுங்கள்

கால்குலேட்டரை ஓரமாக வையுங்கள். 2-ஐ இரட்டித்துக்கொண்டே போங்கள்: 2, 4, 8, 16, 32, 64, 128, 256, 512, 1024. பத்து 2-களைப் பெருக்கினால் 1024, கிட்டத்தட்ட 1000. பத்து 2-கள் சேர்ந்து மூன்று பூஜ்ஜியம் தருகின்றன என்றால், ஒரு 2 தருவது 0.3 பூஜ்ஜியம். துல்லியமான மதிப்பு 0.30103. ஒரு பென்சிலுக்கு இது போதாதா!

இனி 5 இலவசம். 2 × 5 = 10, அதாவது இரண்டும் சேர்ந்து ஒரு பூஜ்ஜியம். ஆகவே log 5 = 1 − 0.30103 = 0.69897. 500 என்பது 5 × 100, எனவே log 500 = 0.69897 + 2 = 2.69897. இதேபோல் log 50 = 1.69897, log 5000 = 3.69897. தசமப் பகுதி மாறவே இல்லை. முன்னால் உள்ள முழு எண் மட்டும் மாறுகிறது.

படி 5: சரிபார்ப்பு

இப்போது கால்குலேட்டரை எடுக்கலாம். அதில் `log`, `ln` என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். நமக்கு வேண்டியது `log`. `ln` வேறு அடிமானம். 500-க்கு 6.2146 வந்தால் `ln`-ஐ அழுத்திவிட்டீர்கள். மூன்று இலக்க முழு எண்ணுக்கு 2.எதுவோதான் வர முடியும். இந்த ஒரு சோதனையே பாதித் தவறுகளைப் பிடித்துவிடும். கணினி என்றால் விரிதாளில் `=LOG10(500)` என்று எழுதுவதே என் சிபாரிசு. பைத்தானிலும் `math.log10` தான். வெறும் `math.log(500)` என்றால் அது `ln`.

பின்சேர்க்கை: வாசகர்கள் மாட்டிக்கொண்ட இரண்டு இடங்கள்

முதலாவது, log 0.05. பலர் −2.69897 என்று எழுதுகிறார்கள். 0.05 = 5 × 0.01. எனவே 0.69897 − 2 = −1.30103. 0.05 என்பது 0.01-க்கும் 0.1-க்கும் நடுவே இருப்பதால் விடை −2-க்கும் −1-க்கும் நடுவேதான் வர வேண்டும். மடக்கை அட்டவணை வைத்துப் போடுபவர்கள் 2-இன் தலைக்கு மேல் கோடு போட்டு, பின்னால் .69897 எழுதுவார்கள். கோடு 2-க்கு மட்டும்தான். தசமப் பகுதி நேர் எண்ணாகவே இருக்கிறது. இந்தக் கோட்டைக் குறைக் குறியாக மாற்றி முன்னால் போடுவதால்தான் தவறு நேர்கிறது.

இரண்டாவது, log (100 + 1000) = 2 + 3 என்று போடுவது. பூஜ்ஜியங்கள் கூடுவது பெருக்கும்போது மட்டும். 1100-இன் மடக்கை 3-ஐச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

கைப்பழக்கத்துக்கு ஒரு கணக்கு

2¹⁰⁰-இல் எத்தனை இலக்கங்கள்? ஒவ்வொரு 2-உம் 0.30103 பூஜ்ஜியம், நூறு 2-களுக்கு 30.103. முப்பது இலக்கம் என்று எழுதிவிடாதீர்கள். 1000-இல் மூன்று பூஜ்ஜியம், ஆனால் நான்கு இலக்கம். முன்னால் நிற்கும் 1-ஐயும் எண்ண வேண்டும். ஆகவே 31 இலக்கங்கள். எண்ணிப் பார்க்க விரும்புபவர்களுக்கு:

```
1267650600228229401496703205376
```