குளத்தடியில நிண்டே படம் அனுப்பலாம்: புளொக்கர் இமெயில் செட் பண்ணுற விதம்

எங்கட பெடியள் ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டுப் பக்கம் குளத்து வேலையளைப் படம் எடுப்பினம், ஆனா அது எங்கட புளொக்கர் சைட்டில ஏற ஒரு கிழமை ஆகும். ஏனெண்டா ஃபோனில லொகின் பண்ணி எழுதுற அளவுக்கு அங்க சிக்னல் நிக்காது. இமெயில் அப்பிடியில்லை, அனுப்பு எண்டு அமத்திவிட்டா அவுட்பொக்ஸில கிடந்து, மாங்குளம் சந்திக்கு வந்து சிக்னல் கிடைச்சவுடன தானாப் போயிடும்.

முதல்ல கொம்பியூட்டரில புளொக்கருக்குள்ள போய் `Settings` திறவுங்கோ. கீழ `Email` பகுதியில `Post using email` எண்டு இருக்கும். அதில `Save emails as draft post` எண்டதைத் தெரிவு செய்யுங்கோ. பக்கத்தில இருக்கிற `Publish email immediately` வேண்டவே வேண்டாம், அதைப் போட்டா களத்தில இருந்து வாற எல்லாம் ஆரும் பாக்காமலே வெளியில போயிடும். பிறகு ஒரு ரகசியச் சொல் கேக்கும், குடுத்தா அட்ரஸ் இப்பிடி வரும்:

```
ungalperu.ragasiyam@blogger.com
```

இந்த அட்ரஸ் தெரிஞ்ச எவரும் உங்கட ட்ராஃப்ட் வரிசைக்குள்ள எதையும் போடலாம், பாஸ்வேர்ட் கேக்காது. அதால ஊர்ப்பேர், சைட் பேர் மாதிரி ஊகிக்கக்கூடிய சொல் வைக்காதேங்கோ, ஆற்றையும் ஃபோன் துலைஞ்சா அண்டைக்கே அந்தச் சொல்லை மாத்திப்போட்டு மற்ற ஆக்களுக்கு புதுசைக் குடுங்கோ. அட்ரஸை ஒவ்வொருத்தற்ற ஃபோனிலயும் கொன்டக்டா நீங்களே சேவ் பண்ணிக் குடுங்கோ, கையால அடிச்சா ஒரு எழுத்து பிழைச்சாலும் படம் வந்து சேராது.

இனி அனுப்புறது. சப்ஜெக்ட்டில எழுதுறதுதான் தலைப்பா வரும். இமெயிலால வாற எல்லா ட்ராஃப்டும் உங்கட கணக்குப் பேரிலதான் விழும், திகதியும் வந்து சேர்ந்த நேரந்தான். செவ்வாய்க்கிழமை எடுத்த துருசுப் படம் வியாழன் வந்தா வியாழன் எண்டுதான் காட்டும், ஆர் எடுத்தது எண்டும் தெரியாது. நாங்கள் இதில ரெண்டு தரம் பிழைவிட்டு, பழைய தண்ணி மட்டத்தைப் புதுசெண்டு போட்டுட்டம். இப்ப சப்ஜெக்ட்டிலயே இடம், எடுத்த நாள், பேர் மூண்டும் கட்டாயம்:

```
முத்தையன்கட்டு துருசு, 12 செவ்வாய், கண்ணன்
```

உள்ளுக்க ரெண்டு வரி, என்ன நடக்குது எண்டு. படத்தை அட்டாச் பண்ணி, எழுத்து முடிஞ்ச இடத்தில `#end` எண்டு போடச் சொல்லுங்கோ, இல்லாட்டி ஃபோன் தானாச் சேர்க்கிற கையெழுத்து வரியும் போஸ்ட்டுக்குள்ள வந்திடும்.

ஒரு மெயிலுக்கு மூண்டு நாலு படத்துக்கு மேல வேண்டாம். ஃபைல் பெரிசாப் போனா ஜிமெயில் அட்டாச் பண்ணாமல் டிரைவ் லிங்கா மாத்திவிடும், ட்ராஃப்டைத் திறக்கேக்க படம் இல்லாமல் லிங்க் மட்டும் கிடந்தா இதுதான் காரணம், திருப்பி ரெண்டு மெயிலாப் பிரிச்சு அனுப்பச் சொல்லுங்கோ.

கிளிநொச்சி ஒஃபிஸில ஒரு அக்கா காலமையும் பின்னேரமும் `Posts` போய் `Draft` மட்டும் பிரிச்சுப் பாப்பா. லேபிள் இமெயிலால வராது, அதை அவவே போட்டு, சப்ஜெக்ட்டில இருக்கிற நாளைப் போஸ்ட்டுக்குள்ள எழுதி, பேர் இல்லாத மெயிலெண்டா அனுப்பின ஆளுக்கு கோல் எடுத்துக் கேட்டுட்டுத்தான் வெளியில விடுவா.