ஒரே போனில் இரண்டு சிம்: எந்த எண்ணில் பேச்சு, எதில் நெட்?

அப்பாவின் போனில் இரண்டு சிம். முதலாவது பல வருடப் பழைய எண். வங்கி, உறவினர்கள் என்று எல்லாரிடமும் இருப்பது அதுதான். இரண்டாவது நெட்டுக்காகப் போட்டது. போன மாதம் அத்தை, "அண்ணன் இப்பல்லாம் போனே பண்றதில்லை" என்று வருத்தப்பட்டார். அப்பாவோ வாரத்துக்கு இரண்டு முறை கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அழைப்பு போனது இரண்டாவது சிம்மில் இருந்து. யாரோ தெரியாத எண் என்று அத்தை எடுக்கவே இல்லை.

அன்று மாலை அப்பாவோடு உட்கார்ந்து சரிசெய்ததை அதே வரிசையில் சொல்கிறேன். அவருடையது சாம்சங் போன்.

முதலில் Settings, அதில் Connections, அதில் SIM manager. இரண்டு சிம்மும் மேலே தெரியும். ஒவ்வொன்றையும் தொட்டுப் பெயர் மாற்றலாம். "SIM 1", "SIM 2" என்று இருந்தால் எது எது என்று யாருக்கும் நினைவிருக்காது. நாங்கள் "வீடு", "நெட்" என்று வைத்தோம். இனி அழைப்பு வரும்போது எந்த எண்ணுக்கு வருகிறது என்பதும் திரையிலேயே தெரிந்துவிடும்.

அதே பக்கத்தில் கீழே Calls, Messages, Mobile data என்று மூன்று வரிகள் இருக்கும். விஷயமே இங்கேதான். Calls வரியில் "வீடு" சிம்மைத் தேர்ந்தெடுத்தோம். Messages வரியிலும் அதையேதான். பணம் அனுப்பும் செயலிகள் எண்ணைச் சரிபார்க்க போனில் இருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். அது வங்கியில் பதிந்த எண்ணில் இருந்து போக வேண்டும். Mobile data வரியில் மட்டும் "நெட்". ஒவ்வொரு முறையும் எந்த சிம் என்று கேட்கும்படியும் Calls வரியில் வைக்கலாம். பெரியவர்களுக்கு அது வேண்டாம். அவசரத்தில் ஏதோ ஒன்றைத் தொட்டுவிடுவார்கள்.

அப்புறம் Auto data switching. நெட் சிம்மில் சிக்னல் போனால் தானாக அடுத்த சிம்மின் டேட்டாவுக்குத் தாவும் வசதி இது. அப்பாவின் பழைய எண்ணில் பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான ரீசார்ஜ்தான் போடுகிறோம். 2025 தொடக்கத்தில் இருந்து இப்படித் தனித் திட்டங்கள் கிடைக்கின்றன. டேட்டா இல்லாத சிம்முக்குத் தாவி என்ன பயன்? மெயின் பேலன்ஸ் இருந்தால் அதுவும் கரையலாம். அணைத்துவிட்டோம்.

ஐபோனில் இதே வேலைக்கு Default Voice Line என்ற வரியைப் பாருங்கள். அதை மாற்றிய பிறகும் ஒருவருக்குப் பழைய எண்ணில் இருந்தே அழைப்பு போனால் குழம்ப வேண்டாம். அவரிடம் கடைசியாக எந்த எண்ணில் பேசினீர்களோ அதையே ஐபோன் எடுத்துக்கொள்ளும். அவருடைய தொடர்புப் பக்கத்துக்குப் போய் எண்ணை மாற்றிவிட்டால் போதும்.

இனி வைஃபை காலிங், அதாவது டவர் சிக்னலுக்குப் பதில் வைஃபை வழியாகப் பேசும் வசதி. எங்கள் வீட்டு உள்ளறையில் "வீடு" சிம்முக்கு ஒரு கோடுகூட சிக்னல் நிற்காது, வைஃபை மட்டும் நன்றாக இருக்கும். Connections பக்கத்திலேயே Wi-Fi Calling இருக்கிறது. உள்ளே போனால் இரண்டு சிம்முக்கும் தனித்தனிப் பொத்தான். பலர் தவறுவது இங்கேதான். ஒன்றை மட்டும் போட்டுவிட்டு, இன்னொரு எண்ணில் ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுவார்கள். இதற்குத் தனிச் செயலி வேண்டாம். அழைப்பு உங்கள் வழக்கமான எண்ணில் இருந்தே போகும், எதிரில் இருப்பவருக்கும் அந்த எண்தான் தெரியும். வாட்ஸ்அப் அழைப்பு வேறு, இது வேறு.

வேலை செய்கிறதா என்று சந்தேகமறத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ஏரோப்ளேன் மோடைப் போடுங்கள். வைஃபையும் அணைந்தால் அதை மட்டும் மறுபடி போடுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து யாருக்காவது கூப்பிடுங்கள். இப்போது டவரோடு தொடர்பே இல்லை, ஆகவே அழைப்பு போனால் அது வைஃபை வழியாகத்தான். அப்பா உள்ளறைக் கட்டிலில் உட்கார்ந்தபடி அத்தைக்கு இப்படித்தான் கூப்பிட்டார். இரண்டாவது மணியிலேயே, "சொல்லுங்கண்ணே" என்று குரல் வந்தது. பேசி முடித்ததும் ஏரோப்ளேன் மோடை எடுக்க மறக்காதீர்கள்.

வீட்டில் போகும் அழைப்பு அலுவலக வைஃபையில் போகவில்லை என்றால், பெரும்பாலும் போனில் கோளாறு இருக்காது. வைஃபை காலிங்குக்கு யுடிபி 500, 4500 என்ற இரண்டு போர்ட்டுகள் திறந்திருக்க வேண்டும். பல அலுவலகங்களில் அவற்றை அடைத்து வைத்திருப்பார்கள். நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவரிடம் இந்த எண்களைச் சொன்னால் அவருக்குப் புரியும்.

பேசிக்கொண்டே வாசலுக்குப் போகும்போது அழைப்பு அறுந்தால், 4ஜி வழியாகப் பேசும் வசதியான VoLTE போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வைஃபையில் இருந்து டவருக்கு அழைப்பு அறுபடாமல் மாற அது வேண்டும், வாசலில் 4ஜி சிக்னலும் வேண்டும். எங்கள் திண்ணையில் அந்த சிக்னல் இல்லை. அதனால் அத்தையிடம் பேசி முடிக்கும்வரை அப்பா உள்ளறையை விட்டு எழுந்திருப்பதில்லை.