மாதச் செலவுக் குறிப்பைத் தலைப்பு வாரியாகப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோட்டிலோ போனிலோ அவ்வப்போது எழுதிவைத்த செலவுகளை மாதக் கடைசியில் தலைப்பு வாரியாகப் பிரித்துக் கூட்டுவது கஷ்டமான வேலை இல்லை. ஆனால் பிரித்து முடித்தபின் வரும் மொத்தம் பெரும்பாலும் தப்பாகவே இருக்கிறது. கூட்டலில் யாரும் அவ்வளவாகத் தவறுவதில்லை. எந்த வரியை எங்கே வைப்பது என்பதில்தான் கணக்கு கெடுகிறது. ஒரு குடும்பத்தின் ஒரு மாதக் குறிப்பை எடுத்துக்கொண்டு பார்ப்போம். வாடகை வீடு, ஒரு பைக், பள்ளிக்குப் போகும் ஒரு குழந்தை, மாதச் சம்பளம் 32,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

```
வாடகை 9000
பால் கார்டு 1500
ஏடிஎம் 5000
மளிகை 4350
காய்கறி 420
பெட்ரோல் 500
கரன்ட் பில் 1640
சிலிண்டர் 900
மருந்து 640
காய்கறி, மீன் 750
சீட்டு 5000
மொய் 501
தம்பிக்குக் கைமாத்து 2000
பள்ளி வேன் 1200
பெட்ரோல் 600
ரீசார்ஜ் 299
மருந்து திருப்பிக் கொடுத்தது 120
```

இதைப் பார்த்தவுடன் தலைப்பு போட ஆரம்பிப்பதுதான் முதல் தவறு. பிரிப்பதற்கு முன்னால், இருக்கிறபடியே ஒரு தடவை கூட்டி, அந்தத் தொகையைத் தனியாக எழுதிவைக்க வேண்டும். கடைசி வரியில் 120 ரூபாய் கைக்குத் திரும்பி வந்த பணம், அதனால் அதைக் கழித்தால் 34,180 வருகிறது. பிரித்து முடித்தபின் எல்லாத் தலைப்புகளையும் கூட்டினால் இதே 34,180 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது, அல்லது இரண்டு இடத்தில் விழுந்திருக்கிறது. இந்தத் தொகை கையில் இல்லாமல் பிரித்தால், தவறு நடந்ததே தெரியாது.

வித்தியாசம் வந்தால் அந்த எண்ணையே உற்றுப் பாருங்கள், அதிலேயே துப்பு இருக்கும். 240 அதிகமாக வந்தால் அதைப் பாதியாக்கிப் பாருங்கள்: 120. கழிக்க வேண்டிய மருந்துக் காசைக் கூட்டிவிட்டிருக்கிறீர்கள். வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 640 என்பதை 460 என்று எழுதினால் 180 குறையும், 180 ஒன்பதால் வகுபடும். கணக்குப்பிள்ளைகள் காலங்காலமாகச் செய்யும் சோதனை இது, வீட்டுக் கணக்குக்கும் அப்படியே பொருந்தும்.

அடுத்தது பெரிய தவறு, அதிகம் பேர் செய்வதும் இதுதான். கையைவிட்டுப் போன பணமெல்லாம் செலவு என்று எடுத்துக்கொள்வது. மேலே உள்ள பட்டியலில் மூன்று வரிகள் செலவே இல்லை.

ஏடிஎம்மில் எடுத்த 5,000 வங்கியிலிருந்து பர்சுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். காய்கறியும் பெட்ரோலும் மொய்யும் அந்தக் காசிலிருந்துதான் போயிருக்கும், அவை ஏற்கெனவே தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டையும் சேர்த்தால் ஒரே பணத்தை இரண்டு தடவை செலவழித்ததாக ஆகிவிடும். கிரெடிட் கார்டிலும் இதே சிக்கல் வரும். கார்டில் துணி வாங்கியதை அன்றைக்கே எழுதிவிட்டு, அடுத்த மாதம் கார்டு பில் கட்டியதையும் செலவில் சேர்ப்பவர்கள் நிறைய. வாங்கியதை எழுதினால், பில் கட்டியதை இடமாற்றம் என்று ஒதுக்கிவையுங்கள்.

தம்பிக்குக் கொடுத்த கைமாத்து திரும்பி வர வேண்டிய பணம். அதை 'வரவேண்டியது' என்று தனியாக வையுங்கள். செலவில் போட்டுவிட்டால், அவர் திருப்பித் தரும் மாதத்தில் அது வருமானம் போலத் தோன்றும். இரண்டு மாதக் கணக்கும் கெட்டுவிடும்.

சீட்டில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சீட்டை இன்னும் எடுக்காதவரை, கட்டுகிற பணம் சேமிப்பு. எடுத்துச் செலவழித்த பிறகு கட்டும் தவணை கடன் அடைப்பு. நோட்டில் இரண்டும் 'சீட்டு 5000' என்றுதான் இருக்கும். ஆனால் சுருக்கத்தில் ஒன்று 'சேமித்தோம்' என்று சொல்லும், மற்றது 'கடன் இருக்கிறது' என்று சொல்லும். எப்போது எடுத்தீர்களோ அந்த மாதத்திலிருந்து தலைப்பை மாற்றுங்கள். இந்தக் குடும்பம் இன்னும் எடுக்கவில்லை, அதனால் சேமிப்பு.

ஆக, 34,180-இல் இடமாற்றம் 5,000, சேமிப்பு 5,000, வரவேண்டியது 2,000 போக, உண்மையான செலவு 22,180 மட்டும்.

இனித் தலைப்புகள். ஜிபே, கேஷ், கார்டு என்று பிரிப்பதை நிறையப் பார்க்கலாம். எதன் வழியாகப் பணம் போனது என்பது இன்னொரு பத்தியில் இருக்க வேண்டிய தகவல். தலைப்பு, எதற்காகப் போனது என்பதைச் சொல்ல வேண்டும். கடைப் பெயரும் தலைப்பாகாது, ஒரே கடையில் அரிசியும் வாங்குகிறோம், குழந்தைக்குச் செருப்பும் வாங்குகிறோம். அதற்காக ஒவ்வொரு மளிகை பில்லையும் பிரித்து சோப்பு தனி, பருப்பு தனி என்று போக வேண்டியதில்லை. பிரித்தால் அதைவைத்து ஏதாவது முடிவு எடுப்பீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எடுக்கமாட்டீர்கள் என்றால், மளிகை என்று ஒன்றாகவே இருக்கட்டும்.

சிலிண்டர் வீட்டுச் செலவா, சமையல் செலவா? இரண்டில் எது என்றாலும் சரி. ஒரு மாதம் இங்கே, மறுமாதம் அங்கே என்று வைப்பதுதான் தவறு, சென்ற மாதத்தோடு ஒப்பிடவே முடியாமல் போகும். ஒரு தடவை முடிவு செய்து, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். இங்கே வீட்டுச் செலவில் வைக்கிறேன்.

'இதர' என்ற தலைப்பு எனக்குப் பிடிக்காது. யோசிக்கச் சோம்பல்பட்ட வரிகளெல்லாம் அங்கே போய்ச் சேரும். மாதக் கடைசியில் அதுவே மருத்துவச் செலவைவிடப் பெரிதாக நிற்கும். பெயர் வைத்த தலைப்புகளில் மிகச் சிறியதைவிட 'இதர' பெரிதாகிவிட்டால், அதைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே மொய் மாதிரி ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப இருக்கும். அதற்குத் தனித் தலைப்பு கொடுத்துவிடலாம்.

மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்து வாங்கிய 120-ஐ வருமானத்தில் போடாதீர்கள். மருத்துவத்திலேயே கழியுங்கள்: 640-இல் 120 போக 520.

கரன்ட் பில்லில் வேறு மாதிரித் தவறு நடக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருகிறது. அதனால் 1,640-ஐப் பாதியாக்கி 820 என்று எழுதுகிறார்கள். எண்ணம் நல்லதுதான், ஆனால் கையிலிருந்து போனது 1,640. பாதியை எழுதினால் கணக்கு கைக்காசோடு ஒத்துப்போகாது. கட்டிய தொகையை அப்படியே தலைப்பில் வையுங்கள். மாதச் சராசரி வேண்டுமென்றால் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு 820 என்று குறியுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை கட்டும் இன்சூரன்ஸுக்கும் இதே வழிதான்: கட்டிய மாதத்தில் முழுத் தொகை, சராசரிப் பத்தியில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

எக்செல்லிலோ கூகுள் ஷீட்டிலோ செய்கிறவர்களுக்குச் சில தனித் தொல்லைகள் உண்டு. '1640 ரூ' என்று கட்டத்தில் அடித்தால் அது எண்ணாக இல்லாமல் எழுத்தாகிவிடும். SUM அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும், எச்சரிக்கை எதுவும் வராது. இடது ஓரமாக ஒட்டி நிற்கும் எண்ணைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். தொகைகள் C2 முதல் C18 வரை இருந்தால் இந்த இரண்டையும் போட்டுப் பாருங்கள்:

```
=COUNT(C2:C18)
=COUNTA(C2:C18)
```

முதலாவது எண்களை மட்டும் எண்ணும், இரண்டாவது நிரம்பிய கட்டங்கள் எல்லாவற்றையும் எண்ணும். இரண்டும் 17 காட்ட வேண்டும். முதலாவது 16 காட்டினால், ஒரு தொகை கூட்டலில் சேரவில்லை என்று அர்த்தம்.

தலைப்பு வாரிக் கூட்டலைப் பட்டியலுக்கு நடுவிலேயே வரி நுழைத்து SUM போட்டால், கடைசி மொத்தத்தில் ஒவ்வொன்றும் இரட்டையாகச் சேரும். அந்த இடங்களிலும் கடைசி மொத்தத்திலும் SUBTOTAL(9, ...) போட்டால் தப்பிக்கலாம், அது தன் வரம்புக்குள் இருக்கும் மற்ற SUBTOTAL-களைக் கூட்டாது. ஆனால் எனக்குப் பிடித்த வழி, பட்டியலைத் தொடாமல் விட்டுவிட்டு, சுருக்கத்தைத் தள்ளி வேறு இடத்தில் வைப்பது. B பத்தியில் தலைப்பு இருந்தால் போதும், திருப்பி வாங்கிய 120-ஐ மட்டும் -120 என்று அடித்திருக்க வேண்டும்:

```
=SUMIF(B2:B18,"மருத்துவம்",C2:C18)
```

இதற்குத் தலைப்பு எல்லா வரியிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு இடத்தில் 'மருத்துவம்', இன்னொரு இடத்தில் 'மருந்து' என்றிருந்தால் இரண்டாவது விட்டுப்போகும். கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி இருந்தாலும் அதே கதிதான். கையால் அடிக்காமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அப்புறம், வரிகளை வரிசை மாற்றுவதற்கு முன் ஒரு வரிசை எண் பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள், பழைய வரிசைக்குத் திரும்ப அது வேண்டும்.

இப்போது சுருக்கம். இதன் கடைசி வரியோடு ஒதுக்கிவைத்த ஏடிஎம் 5,000-ஐச் சேர்த்தால், முதலில் எழுதிவைத்த 34,180 வரும்:

```
வீடு (வாடகை, கரன்ட், சிலிண்டர், ரீசார்ஜ்)   11,839
சாப்பாடு (பால், மளிகை, காய்கறி, மீன்)        7,020
போக்குவரத்து (பெட்ரோல், பள்ளி வேன்)          2,300
மருத்துவம்                                     520
விசேஷம் (மொய்)                                 501
மொத்தச் செலவு                               22,180
சேமிப்பு (சீட்டு)                              5,000
வரவேண்டியது (கைமாத்து)                        2,000
வெளியே போனது                               29,180
```

பார்க்க அழகாக இருக்கட்டும் என்று 11,839-ஐ 12,000 ஆக்கிவிடாதீர்கள். அப்படி ரவுண்டாக்கினால் கீழே வரும் சோதனையைச் செய்ய முடியாது.

இதோடு நிறுத்துகிறவர்கள் அதிகம், ஆனால் கணக்கு சரியா என்று இன்னும் தெரியவில்லை. மாத ஆரம்பத்தில் வங்கியிலும் கையிலும் சேர்த்து 3,400 இருந்தது என்று வையுங்கள். சம்பளம் 32,000. கூட்டினால் 35,400, அதில் 29,180 போனால் 6,220 மீதி இருக்க வேண்டும். வங்கி இருப்பையும் பர்ஸையும் பார்த்து எண்ணினால் 5,860 இருக்கிறது. 360 ரூபாய் குறைகிறது.

இருப்பது குறைவாக இருந்தால், எழுதாமல் விட்ட செலவு உண்டு என்று பொருள்: டீ, ஆட்டோ, பூ. இருப்பது அதிகமாக இருந்தால் ஏதோ ஒன்று இரண்டு தடவை எழுதப்பட்டிருக்கிறது, அல்லது ஒரு வரவு விட்டுப்போயிருக்கிறது. ஏடிஎம் பணத்தையும் இந்தக் குடும்பம் செலவில் சேர்த்திருந்தால், 1,220 மீதி என்று கணக்கு சொல்லியிருக்கும், கையிலோ 5,860 இருக்கும். கார்டில் வாங்கி இன்னும் பில் கட்டாத தொகை இருந்தால், அதை இருப்பிலிருந்து கழித்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

அந்த 360-ஐச் சாப்பாட்டிலோ பெட்ரோலிலோ திணித்துக் கணக்கை நேர் செய்யக் கூடாது. 'எழுதாமல் விட்டது 360' என்று சுருக்கத்தில் ஒரு தனி வரி போடுங்கள். மொத்தச் செலவு 22,540 ஆகும், வெளியே போனது 29,540 ஆகும், மீதி 5,860 கைக்காசோடு ஒத்துப்போகும். அடுத்த மாதம் அந்த வரி 360-லிருந்து 900 ஆனால், சின்னச் சின்னச் செலவுகளை உடனுக்குடன் எழுதாமல் விடுகிறீர்கள் என்று தெரிந்துவிடும்.