பக்கத்தில் எத்தனை தையல் கடை? கூகுள் மேப்பில் எண்ணிப் பார்க்கும் முறை

எங்கள் அண்ணி கும்பகோணத்தில் பத்து வருஷமாக வீட்டிலிருந்தே ஜாக்கெட் தைக்கிறார். போன வருஷம் அவர்கள் தெருவை ஒட்டி ஒரு சின்னக் கடை வாடகைக்கு வந்தது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் என்னைக் கூப்பிட்டார். "இந்த ஏரியாவுல ஏற்கெனவே எத்தனை பேர் தைக்கிறாங்க, எனக்குன்னு ஆள் வருமான்னு அந்த மேப்புல பார்த்துச் சொல்லேன்மா" என்றார். இரண்டு சாயங்காலமும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் ஆனது. பைசா செலவில்லை. அன்று செய்ததை வரிசையாகவே எழுதுகிறேன்.

1. முதலில் எல்லையைப் போடுங்கள்

தேடுவதற்கு முன்பே, வாடிக்கையாளர் எவ்வளவு தூரத்திலிருந்து வருவார் என்று முடிவு செய்ய வேண்டும். ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர் துணி கொடுக்க ஒருமுறை, வாங்க ஒருமுறை, இறுக்கமாக இருந்தால் தையலைப் பிரிக்க இன்னொரு முறை என்று இரண்டு மூன்று தடவை வந்து போக வேண்டும். அதனால் பெரும்பாலும் நடந்து போகிற தூரத்தில்தான் ஆள் தேடுவார்கள். நாங்கள் ஒரு கிலோமீட்டர் வைத்துக்கொண்டோம்.

கம்ப்யூட்டரில் கூகுள் மேப்பைத் திறந்து, கடை இருக்கும் இடத்தில் மவுஸின் வலது பட்டனை அழுத்தினால் `Measure distance` என்று வரும். அதைத் தொட்டுவிட்டு நான்கு பக்கமும் அளந்து, எந்தத் தெரு வரை வருகிறது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த அளவு காக்கை பறக்கிற தூரம். கும்பகோணம் காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் இருக்கிற ஊர். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள தெரு மேப்பில் நானூறு மீட்டர் என்று காட்டும். பாலம் சுற்றிப் போனால் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆகிவிடும். அந்தத் தெருக்காரர்கள் உங்களிடம் வர மாட்டார்கள், அங்குள்ள கடையும் உங்களுக்குப் போட்டி இல்லை. சந்தேகமான தெருக்களுக்கு `Directions` போட்டு, நடக்கிற ஆள் படத்தைத் தேர்ந்தெடுத்து, உண்மையான தூரத்தைப் பாருங்கள். ரயில் பாதை குறுக்கே போகும் ஊர்களிலும் இப்படித்தான்.

2. ஒரே வார்த்தையில் தேடி நிறுத்தாதீர்கள்

கடைக்காரர் தன் கடையை எந்த வகையில் பதிந்தாரோ, பெயரில் என்ன போட்டாரோ, அதை வைத்துத்தான் பட்டியல் வரும். ஒரே வேலை செய்யும் இரண்டு பேரில் ஒருவர் `Tailor` என்றும் மற்றவர் `Boutique` என்றும் இருப்பார். நாங்கள் தேடியவை இவை:

```
ladies tailor
blouse stitching
boutique
aari work
தையல் கடை
```

மேப்பை உங்கள் எல்லை மட்டும் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிவிட்டுத் தேடுங்கள். ஊர் முழுவதும் தெரிகிற மாதிரி வைத்துத் தேடினால் பெயர்பெற்ற கடைகள் முன்னால் வந்து, சந்துக்குள் இருப்பவர்கள் காணாமல் போவார்கள். மேப்பைக் கொஞ்சம் நகர்த்தினால் `Search this area` என்று ஒரு பட்டன் வரும். ஒவ்வொரு மூலைக்கும் நகர்த்தி அதை அழுத்துங்கள். வருகிற பெயர்களை எல்லாம் நோட்டில் எழுதுங்கள்.

எங்களுக்கு மொத்தம் 31 பெயர் வந்தது. அண்ணிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அதில் ஒரே கடை இரண்டு பெயரில் இருந்தது 5, எல்லைக்கு வெளியே 6, தைக்காமல் ரெடிமேட் மட்டும் விற்கும் பொட்டிக் 4, ஆரி வகுப்பு மட்டும் நடத்துபவர்கள் 2. கழித்தால் 14.

3. உயிரோடு இருக்கிற கடை எது?

மூடிய கடை பலவும் மேப்பில் அப்படியே கிடக்கும். யாராவது தெரிவித்திருந்தால் `Permanently closed` என்று இருக்கும். இல்லையென்றால் நாமே கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு கடையிலும் ரிவ்யூவைத் திறந்து, வரிசையை `Newest` என்று மாற்றுங்கள். கடைசி ரிவ்யூவும் கடைசிப் போட்டோவும் எப்போது வந்தன என்று பாருங்கள். 14 கடைகளில் ஒன்றில் மூடிவிட்டதாகவே போட்டிருந்தது. மூன்று கடைகளில் இரண்டு வருஷமாக எதுவும் இல்லை.

இதை வைத்து மட்டும் அடித்துவிடாதீர்கள். சின்ன டெய்லர் யாரிடமும் ரிவ்யூ கேட்பதில்லை, அவரிடம் வருகிறவர்களும் எழுதுவதில்லை. பதினைந்து வருஷமாக நன்றாக ஓடுகிற கடைக்கு மூன்றே ரிவ்யூ இருக்கும். இரண்டு வருஷமாக எதுவும் வராத அந்த மூன்று கடைகளுக்கும் அண்ணி போன் போட்டார். இரண்டு எண் உபயோகத்தில் இல்லை. மூன்றாவதில் எடுத்த அம்மா, "இந்த வாரம் புதுசா எடுக்க மாட்டேன், அடுத்த வாரம் கொண்டு வாங்க" என்றார். ஆக உயிரோடு இருப்பது 11.

4. மூன்று தெருவை நடந்து பாருங்கள்

பலரும் மேப்போடு நிறுத்திவிடுவார்கள், அங்கேதான் கணக்கு கெடுகிறது. வீட்டிலிருந்து தைப்பவர்கள் மேப்பில் இருக்க மாட்டார்கள். அண்ணியே பத்து வருஷம் மேப்பில் இல்லாமல்தானே தைத்தார்!

எல்லைக்குள் மூன்று தெருவைத் தேர்ந்தெடுத்தோம். ஒன்று கடைத்தெரு, இரண்டு உள் தெரு. மூன்றையுமே மெயின் ரோடாக எடுத்தால் எண்ணிக்கை குறைவாக வரும், ஏனென்றால் மெயின் ரோட்டுக் கடைகள்தான் பெரும்பாலும் மேப்பில் பதிந்திருக்கும். எங்கள் 11 கடைகளில் 4 அந்த மூன்று தெருவுக்குள் இருந்தன. நடந்தபோது 9 கண்ணில் பட்டன. கூடுதலாக வந்த ஐந்தில் மூன்று, கேட்டில் சின்ன போர்டு தொங்கிய வீடுகள். ஒன்று திண்ணையில் மெஷின் போட்டது. இன்னொன்று பெட்டிக்கடையை ஒட்டி மறைப்புக்குள்.

மேப்பில் 4 இருந்த இடத்தில் உண்மையில் 9. அதாவது இரண்டே கால் மடங்கு. 11-ஐ இரண்டே காலால் பெருக்கினால் ஏறக்குறைய 25. மூன்றே தெருவை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் 25 என்று அழுத்திச் சொல்ல முடியாது. 20 முதல் 30 வரை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் மேப் காட்டிய 31-ஐயும், வடிகட்டிய 11-ஐயும் விட இது உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது.

5. ஆள் இருக்கிறார்களா என்று ரிவ்யூவில் பாருங்கள்

ரிவ்யூ எண்ணிக்கை வாடிக்கையாளர் எண்ணிக்கை ஆகாது. நூற்றில் எத்தனை பேர் எழுதுவார்கள் என்பது கடைக்குக் கடை மாறும். ஆனால் கடைசி ஆறு மாதத்தில் எந்தெந்தக் கடைக்குப் புதிதாக வந்திருக்கிறது என்று பார்த்தால், எங்கே கூட்டம் நகர்கிறது என்று தெரியும். எங்கள் ஊரில் இதிலும் ஒரு கவனம் வேண்டும். பட்டு எடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரிய கடைத்தெருவிலேயே தைக்கவும் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தக் கடைகளுக்கு ரிவ்யூ குவியும். அது நம் ஏரியாவின் கூட்டம் இல்லை. அவற்றைச் சேர்க்காதீர்கள்.

ஐந்து நட்சத்திரத்தை விட்டுவிட்டு `Lowest` என்று வரிசை மாற்றிப் படியுங்கள். தையல் கடைகளுக்கு அங்கே ஒரே புலம்பல்தான் திரும்பத் திரும்ப வரும்: சொன்ன தேதிக்குத் தரவில்லை. எங்கள் பட்டியலில் நன்றாக ஓடுகிற நான்கு கடைகளிலும் இது இருந்தது. நல்ல கடைகளே தேதி தவறுகின்றன என்றால் கைக்கு மீறிய வேலை அங்கே குவிகிறது என்று அர்த்தம். 25 பேர் இருந்தும் இன்னொருவருக்கு இடம் இருக்கிறது என்பதற்கு எங்களுக்குக் கிடைத்த முதல் தடயம் இது.

`Popular times` என்ற மணிவாரியான பட்டைகள் சில இடங்களுக்கு இருக்கும். அதில் உயரமான பட்டை அந்தக் கடையின் மிகப் பரபரப்பான நேரம், அவ்வளவுதான். தலை எண்ணிக்கை இல்லை. அதனால் இரண்டு கடைகளின் பட்டைகளை ஒப்பிட முடியாது. சின்ன தையல் கடைகளுக்குப் பெரும்பாலும் இது வருவதே இல்லை.

6. தேடல் பெட்டி தானாகச் சொல்வது

இப்போது கூகுள் தேடலுக்கு வாருங்கள். நீங்கள் முன்பு தேடியவை கலந்துவிடாமல் இருக்க `Incognito` ஜன்னலில், கணக்கில் நுழையாமல் திறங்கள். ஏதாவது ஒன்றைத் தேடிவிட்டுப் பக்கத்தின் அடியில் எந்த ஊர் காட்டுகிறது என்று பாருங்கள். மொபைல் டேட்டாவில் இருந்தால் சென்னை என்று வர வாய்ப்புண்டு. அப்படியானால் `Update location` அழுத்தி உங்கள் ஊருக்கு மாற்றுங்கள்.

பிறகு பாதி வார்த்தையைத் தட்டிவிட்டு, என்டர் அழுத்தாமல் கீழே வருகிற பரிந்துரைகளைப் படியுங்கள். கடைசியில் ஒரு எழுத்தைச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்தால் வேறு வேறு வரும்.

```
blouse stitching a
blouse stitching b
tailor near
jacket thaikka
```

பிறர் உண்மையில் தேடியதை ஒட்டித்தான் இந்தப் பரிந்துரைகள் வருகின்றன. நம் ஊரில் பிளவுஸை ஜாக்கெட் என்கிறோம், ஆனால் ஆங்கிலத்தில் வெறும் `jacket` என்று தட்டினால் குளிருக்குப் போடும் ஜாக்கெட் வந்து நிற்கும். அதனால் இரண்டு சொல்லையும், தமிழ் எழுத்திலும் தங்கிலீஷிலும் தட்டிப் பாருங்கள். எத்தனை பேர் தேடினார்கள் என்ற எண் இதில் கிடைக்காது; மேலே வருவதால் அதிகம் என்றும் சொல்ல முடியாது. மக்கள் எந்த வார்த்தையில், எந்த வேலையைத் தேடுகிறார்கள் என்பதற்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணி ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவர், அளவு மாற்றித் தருவதைப் பற்றிய `alteration shop near me` என்ற வரியில் நின்றார். "இதை யாரும் போர்டுல போடலையே" என்றார். உடனே அதே வார்த்தையை மேப்பில் எங்கள் எல்லைக்குள் தேடினோம். பழைய டெய்லர் கடைகள்தான் வந்தன. அந்த வேலையைத் தன் பெயரிலோ விவரத்திலோ போட்டவர் ஒருவரும் இல்லை. பரிந்துரையில் வருவதை எடுத்து மேப்பில் தேடி, இடைவெளி எங்கே என்று பார்ப்பது இப்படித்தான்.

7. கடைசியாக, மேட்சிங் சென்டர்

லைனிங், ஃபால்ஸ், ஜாக்கெட் பிட் விற்கும் மேட்சிங் சென்டர் தையலுக்கு நெருங்கிய சொந்தம். அது ஓடினால் பக்கத்தில் தைக்கக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மேப்பில் `matching centre` என்று தேடியபோது எல்லைக்குள் மூன்று வந்தன, மூன்றுக்கும் அந்த மாதமே போட்டோ ஏறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நடந்தபோது அதில் ஒன்றில் லைனிங் வாங்குகிற சாக்கில் அண்ணி பேச்சுக் கொடுத்தார். "தினமும் ரெண்டு பேராவது சுடிதார் பிடிக்கணும், எங்க கொடுக்கிறதுன்னு கேக்குறாங்கக்கா. ஜாக்கெட் தைக்கிறவங்க யாரும் அதை வாங்க மாட்டேங்கிறாங்க" என்றார் கடையில் இருந்த பெண்.

அண்ணி பதினொரு மாத ஒப்பந்தத்தில் கடையை எடுத்தார். போர்டில் "சுடிதார், ஜாக்கெட் அளவு மாற்றித் தரப்படும்" என்று பெரிய எழுத்தில் மேலேயும், "ஜாக்கெட் தைத்துத் தரப்படும்" என்பதைக் கீழேயும் எழுதச் சொன்னார். மேப்பில் கடையைப் பதிந்தபோது விவரத்திலும் அதே வரிசையில்தான் போட்டோம்.