தசா புத்தியை வைத்து வீடு வாங்கும் காலத்தைக் கணிப்பது எப்படி?

பெங்களூரில் வாடகை கொடுத்துக் களைத்த தமிழர்கள் ஜோதிடரிடம் முதலில் கேட்பது, "சொந்த வீடு எப்போ அமையும்?" அந்த ஒரு கேள்வியை வைத்தே, ஒன்பது கிரகங்களுக்கு 120 வருடத்தைப் பிரித்துத் தரும் விம்சோத்தரி தசையைப் போட்டுப் பார்ப்போம். மாதிரி ஜாதகம்: 1991 ஜூன் 11 பிற்பகல், கன்னி லக்னம், ரோகிணி நட்சத்திரம். சந்திரன் ரிஷபத்தில் 13 பாகை 20 கலை (கணக்குக்கு வசதியாக வைத்துக்கொண்டது).

முதல் படி: தசை இருப்பு

ஒரு நட்சத்திரத்தின் நீளம் 800 கலை. ரோகிணி ரிஷபத்தில் 10 பாகையில் தொடங்குவதால், சந்திரன் 200 கலை கடந்துவிட்டார், பாக்கி 600. ரோகிணியின் அதிபதி சந்திரன், அவருக்குத் தசை 10 வருடம். 600 ÷ 800 × 10 = 7 வருடம் 6 மாதம். ஜாதகத்தில் 'கர்ப்பச்செல் போக இருப்பு' என்று எழுதியிருப்பது இதைத்தான். சந்திர தசை 1998 டிசம்பர் 11 வரை போகும். பிறகு செவ்வாய் 7 வருடம், ராகு 18 வருடம். ஆக, 2023 டிசம்பர் 11 அன்று 16 வருட குரு தசை ஆரம்பம்.

பெரும்பாலான குழப்பம் இங்கேதான் வரும். ஊரில் வாக்கியப் பஞ்சாங்கப்படி எழுதிய ஜாதகமும் போன் ஆப் காட்டும் தேதியும் ஒத்துப்போகாது. ராசிச் சக்கரத்தின் தொடக்கத்தை எங்கே வைப்பது என்பதற்கான திருத்தம்தான் அயனாம்சம்; ஆப்பில் வழக்கமாக லாஹிரி அயனாம்சம் இருக்கும். பெங்களூர் ஜோதிடர் பி.வி. ராமன் பெயரால் வழங்கும் ராமன் அயனாம்சத்துக்கு மாற்றினால் சந்திரன் சுமார் 87 கலை முன்னே தள்ளிப்போவார். இந்த ஜாதகத்தில் குரு தசை ஏறக்குறைய 13 மாதம் முன்பே தொடங்கிவிடும். பிறந்த நேரத்தில் ஒரு மணி நேரம் பிசகினாலும் சந்திரன் சுமார் 33 கலை மாறுவார், அது இங்கே 5 மாதம். சுக்கிரனின் நட்சத்திரமாக இருந்தால் 10 மாதம். எனவே எதிர்காலத்துக்குப் போகுமுன் முதல் வேலை, கல்யாணம், வீட்டில் ஒரு துக்கம் என்று தேதி தெரிந்த பழைய நிகழ்ச்சிகளைத் தசா புத்தியோடு பொருத்திப் பாருங்கள். எந்தக் கணக்குக்கு அவை ஒத்துவருகின்றனவோ, கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: புத்தி

ஒரு தசையின் உட்பிரிவுதான் புத்தி. தசாநாதன் வருடத்தையும் புத்திநாதன் வருடத்தையும் பெருக்குங்கள். கடைசி இலக்கத்தை மூன்றால் பெருக்கினால் நாள், மீதி எண் மாதம். குரு தசை சனி புத்திக்கு 16 × 19 = 304. அதாவது 30 மாதம், 12 நாள். குரு தசையில் குருவின் சுயபுத்தி 256, அதாவது 25 மாதம் 18 நாள். 2026 ஜனவரி 29-ல் முடிகிறது. அடுத்து சனி புத்தி 2028 ஆகஸ்ட் 10 வரை.

மூன்றாம் படி: யார் எதைத் தருவார்?

தசாநாதன் விஷயத்தைக் கொண்டுவருவார், புத்திநாதன் அது நடக்கும் வழியைக் காட்டுவார். கன்னி லக்னத்துக்கு, சொந்த வீட்டைக் குறிக்கும் நாலாமிடத்துக்கு அதிபதி குரு. அவர் 11-ல் கடகத்தில் உச்சம். சனி 5, 6-க்கு உடையவர், மகரத்தில் ஆட்சி. ஆறாமிடம் கடன். ஒருவரையொருவர் ஏழாம் பார்வையாகப் பார்ப்பதால் இருவர் பலனும் கலக்கிறது: ஹோம் லோன் போட்டு வாங்கும் வீடு. 'சனி புத்தி, வேண்டாம்' என்று பொதுவாகச் சொல்பவர்கள், கிரகம் எந்த இடங்களுக்கு உடையவர் என்ற ஆதிபத்தியத்தைப் பார்க்காதவர்கள். அதே சமயம் குரு ஏழாமிடத்துக்கும் உடையவர், கன்னிக்கு அது இடைஞ்சல் தரும் பாதக ஸ்தானம். அதனால் தடையும் கூடவே வரும். சொத்து வரிப் பதிவான கத்தா சரியில்லாமல் இழுத்தடிக்கும் பிளாட்டாக இருக்கலாம். அட்வான்ஸ் கொடுக்குமுன் பத்திரங்களை வக்கீலிடம் காட்டுவது நல்லது.

நான்காம் படி: அந்தரமும் கோசாரமும்

இரண்டரை வருடம் என்பது பதில் ஆகாது, புத்தியின் உட்பிரிவான அந்தரத்தையும் பார்க்க வேண்டும். புத்தியின் 30.4 மாதத்தை அந்தரநாதனின் வருடத்தால் பெருக்கி 120-ஆல் வகுக்க வேண்டும். சுக்கிரனுக்கு 30.4 × 20 ÷ 120, சுமார் 5 மாதம் 2 நாள். சனி, புதன், கேது அந்தரங்கள் கழிந்து, 2026 டிசம்பர் 23 முதல் 2027 மே 25 வரை சுக்கிர அந்தரம். இந்த லக்னத்துக்குத் தனஸ்தானமான இரண்டுக்கும் பாக்கியமான ஒன்பதுக்கும் அவரே அதிபதி.

அடுத்து கோசாரம், அதாவது அந்தச் சமயத்தில் வானில் கிரகங்கள் இருக்கும் நிலை. திருக்கணிதப்படி குரு 2026 அக்டோபர் கடைசி முதல் 2027 ஜனவரி கடைசி வரை சிம்மத்தில் இருந்து, ஐந்தாம் பார்வையாகத் தனுசை, அதாவது நாலாமிடத்தைப் பார்ப்பார். பிறகு வக்கிரமாகக் கடகத்துக்குத் திரும்பிவிடுவார். அந்தரமும் பார்வையும் சேர்வது சுமார் ஒரு மாதம்தான், அதிலும் பெரும்பகுதி மார்கழி. நம் வீடுகளில் மார்கழியில் பத்திரப் பதிவு செய்ய மாட்டார்கள். மிஞ்சுவது தை பிறந்த முதல் பத்து நாள். லோன் சாங்ஷன் கையில் இருந்தால் அதற்குள் பதிவை முடிக்கலாம். இல்லையென்றால் மே வரை அந்தரம் இருக்கிறது, குருவின் பார்வை மட்டும் துணைக்கு இருக்காது.