தலைப்பை மாற்றினேன், வந்துகொண்டிருந்தவர்களும் நின்றுவிட்டார்கள்

போன மாதம் தெரிந்த தம்பி ஒருவர் போன் செய்தார். வில்லங்கச் சான்று பார்ப்பது பற்றி அவர் எழுதிய பதிவு ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கூகுளிலிருந்து வருபவர்கள் குறைய ஆரம்பித்ததும் தேடல் முடிவில் தெரியும் தலைப்பையும் அதன் கீழே வரும் விளக்கத்தையும் புதிதாக எழுதியிருக்கிறார். "அண்ணே, மாத்தினதுக்கு அப்புறம்தான் சுத்தமா படுத்துடுச்சு" என்றார். பழைய தலைப்பு "EC ஆன்லைனில் பார்ப்பது எப்படி?" புதியது "வில்லங்கச் சான்றிதழ் பெறுதல்: ஒரு முழுமையான கையேடு".

சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. சில வருஷங்களுக்கு முன் நான் செய்த அதே காரியம், கிட்டத்தட்ட அதே சொற்கள். எழுத்துப்பிழை, இரண்டு பதிவுக்கு ஒரே தலைப்பு என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

## எது குறைந்தது என்று பார்க்காமலே தலைப்பில் கை வைப்பது

ஆள் வரவு குறைந்துவிட்டது என்றால் மூன்றில் ஒன்று நடந்திருக்கும். தேடுபவர்களே குறைந்திருக்கலாம். தேடல் முடிவில் நம் இடம் கீழே போயிருக்கலாம். அல்லது இடம் அப்படியே இருந்தும் மக்கள் நம்மைத் தட்டாமல் தாண்டிப் போகலாம். தலைப்பையும் விளக்கத்தையும் மாற்றிச் சரிசெய்யக்கூடியது பெரும்பாலும் இந்த மூன்றாவதைத்தான்.

எது என்று கண்டுபிடிப்பது சுலபம். கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோலில் Search results அறிக்கையைத் திறந்து, Pages பட்டியலில் அந்தப் பதிவை மட்டும் தேர்ந்தெடுங்கள். தேதியில் Compare போய், கடந்த மூன்று மாதத்தைப் போன வருஷத்தின் அதே மூன்று மாதத்தோடு ஒப்பிடுங்கள். முந்தைய மூன்று மாதத்தோடு ஒப்பிட்டால் ஏமாந்து போவீர்கள். ரேஷன் கார்டு பற்றிய பதிவுக்குப் பொங்கல் பரிசு நேரத்தில் கூட்டம் ஏறும், மார்ச்சில் இறங்கும். அது இறக்கமே இல்லை. சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கை மட்டுமே வைத்திருக்கும் என்பதால் இதைத் தள்ளிப்போடவும் முடியாது.

இம்ப்ரெஷன் என்பது தேடல் முடிவில் நம் பதிவு எத்தனை முறை தெரிந்தது என்ற கணக்கு. அது குறைந்து, சராசரி இடம் மாறாமல் இருந்தால் அந்த விஷயத்தைத் தேடுபவர்கள் குறைந்துவிட்டார்கள். தலைப்பு என்ன செய்யும்? இடம் 3-லிருந்து 11-க்குப் போயிருந்தால் பதிவின் உள்ளடக்கம் பழசாகிவிட்டது, அல்லது வேறு யாரோ நன்றாக எழுதிவிட்டார்கள். அதற்கு உட்கார்ந்து பதிவையே திருத்த வேண்டும். இம்ப்ரெஷனும் இடமும் அப்படியே இருந்து கிளிக் மட்டும் சரிந்திருந்தால், அப்போது தலைப்பைப் பாருங்கள். அப்போதும், விடை தேடல் பக்கத்திலேயே கிடைத்துவிடுகிற கேள்வியாக இருந்தால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

என் பதிவு இந்த மூன்றாவது வகை. "ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது எப்படி? 2018" என்று தலைப்பு. இடம் நாலைந்துக்குள்தான் இருந்தது. ஆனால் 2021-இல் தேடுகிறவர் 2018 என்று பார்த்ததும் அடுத்ததைத் தட்டிவிடுகிறார். ஆக, தலைப்பை மாற்ற வேண்டும் என்று நான் நினைத்தது சரி. மாற்றிய விதம்தான் வினையாகப் போனது.

## மக்கள் தட்டும் சொல்லைத் தூக்கி எறிவது

தமிழ்நாட்டில் 2017-இல் ஸ்மார்ட் கார்டு கொடுக்க ஆரம்பித்தார்கள். அரசுப் படிவங்களில் எப்போதும் "குடும்ப அட்டை"தான். எனவே பதிவைப் புதுப்பிப்பது என்றால் சொல்லையும் புதுப்பிப்பது என்று நினைத்துவிட்டேன். இரவு பத்தரை மணிக்கு உட்கார்ந்து, "மின்னணு குடும்ப அட்டை: உறுப்பினர் சேர்க்கை வழிமுறைகள்" என்று எழுதி, அழகாக இருக்கிறது என்று ரசித்துவிட்டுத் தூங்கப் போனேன்.

ஒரு நாளைக்கு நாற்பது கிளிக் வந்துகொண்டிருந்த பதிவு மூன்று வாரத்தில் ஒன்பதுக்கு வந்தது. அதைவிட மோசம், அதுவரை ஆடாத இடமும் 12-க்கு இறங்கியது. கிளிக் மட்டும் குறைந்திருந்த பதிவு, இடத்தையும் சேர்த்து இழந்தது.

காரணம் எளிது. கடைக்குக் கிளம்பும்போது வீட்டில் யாரும் "மின்னணு குடும்ப அட்டையை எடுத்துக்கோ" என்று சொல்வதில்லை. ரேஷன் கார்டு என்றுதான் பேசுகிறார்கள், அப்படியேதான் தட்டுகிறார்கள். இரண்டும் ஒன்று என்று கூகுளுக்கு ஓரளவு தெரிந்திருக்கலாம். ஆனால் தலைப்பிலேயே அந்தச் சொல்லை வைத்திருக்கிற பத்துப் பக்கங்கள் இருக்கும்போது நம்மை மேலே வைக்க அதற்கு என்ன அவசியம்? தேடுகிறவரும் தான் தட்டிய சொல் எங்கே தெரிகிறது என்றுதான் கண்ணை ஓட்டுவார்.

இதில் இன்றும் எனக்கு எரிச்சல் தருவது, விடை கையிலேயே இருந்தது என்பதுதான். அதே அறிக்கையில், பக்கத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு Queries-ஐத் தட்டினால், எந்தெந்தச் சொற்களைத் தட்டி அந்தப் பதிவுக்கு வந்தார்கள் என்று வரிசையாக இருக்கும். தலைப்பைத் தொடுவதற்கு முன் அதை ஒரு ஷீட்டில் எடுத்து வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகு. என் பட்டியலின் மேல்வரிசை ஏறக்குறைய இப்படி இருந்தது:

```
ration card name add tamil
ரேஷன் கார்டு பெயர் சேர்த்தல்
ration card la peyar serpathu eppadi
ரேஷன் கார்டில் மனைவி பெயர் சேர்க்க
smart card new member add
```

இதை இரண்டு முறை படிக்க வேண்டும். முதலில் கிளிக் அதிகம் உள்ளவற்றை மேலே கொண்டுவந்து பாருங்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் புதிய தலைப்பிலும் இருந்தே ஆக வேண்டும், முன்பக்கமாகவே இருக்க வேண்டும். எனக்கு அவை "ரேஷன் கார்டு", "பெயர்", "சேர்". நான் ரசித்து எழுதிய தலைப்பில் இந்த மூன்றில் "சேர்" மட்டும் "சேர்க்கை" என்று ஒட்டிக்கொண்டிருந்தது. "மின்னணு" என்று தட்டி ஒருவர்கூட வரவில்லை.

அப்புறம் இம்ப்ரெஷன் அதிகமாகவும் கிளிக் குறைவாகவும் இருப்பவற்றைப் பாருங்கள். நம்மிடம் கேட்டும் நாம் காட்டாத விஷயம் அங்கே இருக்கும். எனக்கு அது "மனைவி". கல்யாணம் ஆனவுடன் மனைவி பெயரைச் சேர்க்க வேண்டும் என்றால், அவர் பெயரைப் பெற்றோர் கார்டிலிருந்து முதலில் நீக்கியிருக்க வேண்டும், அதற்கான சான்றும் வேண்டும். பாதிப் பேர் சிக்கிக்கொள்வது அங்கேதான். என் பதிவில் அது எங்கோ அடியில் ஒரு வரியாகக் கிடந்தது. அதை மேலே கொண்டுவந்து நாலு பத்தியாக விரித்தேன். அதன் பிறகுதான் தலைப்பு:

```html
<title>ரேஷன் கார்டில் மனைவி, குழந்தை பெயர் சேர்ப்பது எப்படி?</title>
<meta name="description" content="பெற்றோர் கார்டில் பெயர் நீக்கிய சான்று, திருமணச் சான்று, பிறப்புச் சான்று: யாருக்கு எது வேண்டும், tnpds.gov.in-இல் எப்படிப் பதிவது.">
```

வரிசை முக்கியம். முதலில் பதிவுக்குள் விஷயம், பிறகு தலைப்பில் சொல். உள்ளே இல்லாததைத் தலைப்பில் போட்டால் வந்தவர் திரும்பிப் போய்விடுவார்.

குடும்ப அட்டை என்ற சொல்லை நான் கைவிடவில்லை. பதிவின் முதல் பத்தியிலேயே இருக்கிறது, அங்கே அதற்கு வேலையும் இருக்கிறது, ஏனென்றால் படிவத்தில் அந்தச் சொல்லைத்தான் பார்ப்பார்கள். இரண்டு மாதத்தில் நாள் ஒன்றுக்கு முப்பது வரை திரும்பி வந்தது. பழைய நாற்பது வரவில்லை.

Queries பட்டியலைப் பற்றி ஒன்று: மிகச் சிலரே தட்டிய தேடல்களைத் தனியுரிமைக்காகக் கூகுள் அதில் காட்டாது. அதனால் கூட்டிப் பார்த்தால் மொத்தக் கிளிக்கோடு பொருந்தாது. பதற வேண்டாம்.

## பதிவின் முகவரியையும் மாற்றுவது

வேண்டாம். தலைப்பு மாறினால் முகவரி மாற வேண்டியதில்லை.

## ஆண்டை மட்டும் மாற்றுவது

2018-ஐ அழித்து 2021 என்று போட்டு, உள்ளே பழைய படங்களையும் பழைய வழிமுறையையும் அப்படியே விடுவது. வந்தவர் முதல் படத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

இதன் இன்னொரு வடிவம் வேர்ட்பிரஸில் நடக்கும். எஸ்.இ.ஓ. பிளகினில் தலைப்பை மாற்றிவிட்டு, பக்கத்தில் பெரிய எழுத்தில் தெரியும் தலைப்பில் பழைய ஆண்டை மறந்துவிடுவார்கள். 2021 ஆகஸ்டில் கூகுள் தேடலில் தலைப்பு காட்டும் முறையை மாற்றியது. நாம் கொடுக்கும் `<title>` பொருந்தவில்லை என்று அதற்குப் பட்டால், பக்கத்தில் தெரியும் தலைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். நம் தலைப்பையே பயன்படுத்துவது ஏறக்குறைய 87 சதவீதம் என்று அப்போது அவர்களே சொன்னார்கள். மீதியில் நாம் விழாமல் இருக்க, இரண்டு இடத்திலும் ஒரே செய்தி இருக்கட்டும்.

## அறுபது எழுத்துக் கணக்கு

தலைப்பு 60 எழுத்தைத் தாண்டக் கூடாது என்பது ஆங்கிலக்காரர்களுக்குக் குத்துமதிப்பாகச் சொன்னது. கூகுள் வெட்டுவது திரையின் அகலத்தைப் பார்த்து. "தமிழ்" என்று எழுதினால் நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து, ஏனென்றால் இகரக் குறியையும் புள்ளியையும் அது தனியாக எண்ணும். பிளகின் சிவப்பு காட்டுகிறதே என்று நல்ல சொல்லை வெட்டிவிடாதீர்கள். மாற்றிய பிறகு உங்கள் போனில் தேடிப் பாருங்கள். முக்கியமான சொற்கள் முதல் நாலைந்துக்குள் இருந்தால், கடைசியில் வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை.

## விளக்கத்தில் சொற்களை அடைப்பது

விளக்கத்தை வைத்து இடம் கொடுப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. எத்தனை தடவை "ரேஷன் கார்டு" என்று எழுதினாலும் ஒரு இடம்கூட ஏறாது. பல நேரம் நம் விளக்கத்தை விட்டுவிட்டுப் பதிவிலிருந்தே ஒரு வரியை எடுத்துக் காட்டும். அப்படியானால் ஏன் எழுத வேண்டும்? நம்முடையதைக் காட்டும்போது, தேடியவருக்குள் இருக்கும் அடுத்த கேள்விக்கு விடை தெரிய வேண்டும். "என்ன சான்று வேண்டும்?" என்பது அப்படி ஒரு கேள்வி. "இப்பதிவில் விரிவாகக் காண்போம்" என்பது விடை இல்லை. பிளாக்கரில் எழுதுபவர்கள் Settings-இல் Enable search description என்பதை இயக்கியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இயக்காவிட்டால் விளக்கம் எழுதும் பெட்டியே வராது.

## நாலாம் நாள் மறுபடி மாற்றுவது

தலைப்பை மாற்றியதும் சர்ச் கன்சோலில் முகவரியைக் கொடுத்து Request indexing தட்டுங்கள், தேதியை ஷீட்டில் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் 28 நாளுக்கு அதைத் தொடாதீர்கள். அதன் பிறகு முந்தைய 28 நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்தத் தம்பி பத்து நாளில் மூன்று முறை மாற்றியிருந்தார். எது கெடுத்தது, எது காப்பாற்றப் பார்த்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. Queries-ஐத் திறக்கச் சொன்னேன். மேலிருந்து முதல் ஆறு வரியில் ஐந்தில் "ec" இருந்தது. "வில்லங்கம்" ஏழாவதில். இப்போது "EC" தலைப்பின் முதல் சொல்லாகத் திரும்பி வந்திருக்கிறது, வில்லங்கச் சான்று விளக்கத்தில் இருக்கிறது. பதினெட்டு நாள் ஆகிறது. தினமும் காலையில் எண்ணிக்கையை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். பார்த்துவிட்டு, இன்னும் தொடாதே என்று மட்டும் பதில் போடுகிறேன்.