வாடகை வீட்டுக்குக் கைரேகைப் பூட்டா? முதலில் பேட்டரியைப் பாருங்கள்

கைரேகை, நம்பர் பூட்டுகளில் பலவும் நான்கு ஏஏ பேட்டரியில் ஓடுபவை. கரண்ட் போனாலும் கவலையில்லை. பேட்டரி தீர்ந்தால்தான் வாசலிலேயே நிற்க வேண்டிவரும். அதனால் கடையில் பூட்டின் வெளிப்பக்கத்தின் அடியைத் தடவிப் பாருங்கள். டைப்-சி துளையோ, 9 வோல்ட் பேட்டரியை ஒட்டிப் பிடிக்க இரண்டு உலோகப் புள்ளிகளோ இருக்க வேண்டும். பவர் பேங்கைச் செருகினால் பூட்டுக்கு உயிர் வரும், வழக்கம்போல விரலை வைத்துத் திறக்கலாம். சாவித்துளையும் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அந்தச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துவிடாதீர்கள்!

அல்கலைன் பேட்டரியே போடுங்கள். ரீசார்ஜ் பேட்டரியின் வோல்டேஜ் கடைசிவரை பெரிதாக இறங்காது, பிறகு சட்டென்று விழும்; எச்சரிக்கை ஒலி வரும் முன்பே பூட்டு நின்றுபோகலாம்.

அப்புறம், கதவின் தடிமனையும் இப்போதுள்ள பூட்டின் துளை அளவையும் அளந்துகொண்டு போங்கள். பழைய துளையிலேயே பொருந்தும் மாடல்தான் வாடகை வீட்டுக்குச் சரி. புதுத் துளை போடத்தான் வேண்டுமென்றால் ஓனரிடம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கழற்றிய பழைய பூட்டை, திருகுகளோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள். காலி செய்யும்போது அதைத்தான் திரும்ப மாட்ட வேண்டும்.